இரண்டு நட்சத்திரம், இருபத்தொன்று: நான் ஏமாந்த கதை

பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். செல்லாத நோட்டை விரலிலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்ற கர்வம் எனக்கு உண்டு. போன மாதம் அது ஐந்தே நிமிடத்தில் போயிற்று.

தொலைபேசி நிறுவனத்திலிருந்து பேசுவதாக ஒருவன் அழைத்தான். "ஐயா, உங்க சிம் இன்னிக்கு ராத்திரி நின்னுடும். நான் சொல்றத அப்படியே அழுத்துங்க." ரகசிய எண் எதையும் அவன் கேட்கவில்லை, அதனால்தான் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அழுத்தச் சொன்னது இது:

```
**21*பத்து இலக்க எண்#
```

அது எனக்கு வரும் அழைப்புகளையெல்லாம் அவன் எண்ணுக்குத் திருப்பிவிடும் கட்டளை. குறுஞ்செய்திகளை அது திருப்பாது. அதனால் அவன் என் பணப்பரிமாற்றச் செயலியில் "ரகசிய எண்ணை அழைப்பில் சொல்" என்ற வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். கணினிக் குரல் எண்ணைச் சொன்னது அவன் காதில். கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டான், நான் வெளியே.

இதைக் கண்டுபிடித்தது வெளிநாட்டில் இருக்கும் என் மகன். வழக்கமான அழைப்பில் கூப்பிட்டபோது யாரோ ஒருவன் எடுத்து, பேசாமல் வைத்துவிட்டான். இணையவழி வீடியோ அழைப்பை அந்தக் கட்டளை தொடுவதில்லை, அதில் வந்து, "அப்பா, உங்க போனை யாரு எடுத்தது?" என்றான்.

முதலில் `##002#` அழுத்தச் சொன்னான். அழைப்புத் திருப்பங்கள் எல்லாம் நின்றன. பிறகு `*#21#` அழுத்திச் சரிபார்த்தோம். அடுத்து வங்கியை அழைத்து, செயலியோடு இணைந்திருந்த அட்டையை முடக்கினேன். அட்டையின் பின்புறம் இருந்த எண்ணில்தான் அழைக்க வேண்டும், தேடுபொறியில் கிடைப்பதில் அல்ல என்று இரண்டு தடவை சொன்னான்.

கணக்கை மீட்க நீயே உள்ளே நுழைந்து பார்க்கிறாயா என்று நான் கேட்டதற்கு மறுத்துவிட்டான். வேறு நாட்டிலிருந்து நுழைந்தால் அதுவும் திருட்டு முயற்சியாகத் தெரிந்து கணக்கு இன்னும் இறுகுமாம். எனவே அவன் சொல்லச் சொல்ல, நான் எப்போதும் பயன்படுத்தும் போனிலிருந்தே செய்தேன். முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல், ஏனென்றால் மீட்பு இணைப்பு அங்கேதான் வரும். அதன் அமைப்பில் எனக்குத் தெரியாத மாற்று முகவரி ஒன்று உட்கார்ந்திருந்தது! அதை நீக்காமல் போயிருந்தால் மறுபடியும் திருடியிருப்பான். பிறகு செயலியின் நிறுவனத்துக்கு அடையாள அட்டையின் படமும் என் முகத்தின் படமும் அனுப்பினேன். மூன்றாம் நாள் கணக்கு திரும்பியது. உள்ளே போனதும் மற்ற சாதனங்களையெல்லாம் வெளியேற்றினோம்.

முடக்குவதற்கு முன் போன பணம் இன்னும் வரவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. அதற்குள் இன்னொருவன் அழைக்கிறான், சிறு கட்டணம் கொடுத்தால் பணத்தை மீட்டுத் தருவானாம். என்னிடமிருந்து எவ்வளவு போனது என்று அவனுக்கு மிகச் சரியாகத் தெரிந்திருந்தது.