கரும்புக் காட்டில் ஒரு பதிவு ஆப்: வெயிலில் பல பருவம் பயன்படுத்திய பிறகு

சர்க்கரை ஆலையின் கரும்புப் பிரிவில் களப்பணி எனக்கு. விவசாயியின் வயலுக்குப் போய் வரப்பைச் சுற்றி நடந்து ஜிபிஎஸ்ஸில் பரப்பளவு எடுக்க வேண்டும். ரகம், நடவுத் தேதி, புதிதாக நட்ட நடவுப் பயிரா, வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்த கட்டைப் பயிரா என்று பதிந்து, ஒரு போட்டோவும் எடுக்க வேண்டும். முன்பு நோட்டில் எழுதியதை இப்போது ஆலை கொடுத்த ஆப்பில் செய்கிறோம். அதன் பழைய பதிப்பு, புதிய பதிப்பு இரண்டிலும் பல பருவம் வேலை செய்திருக்கிறேன். நெட்வொர்க், சர்வர் கதைகளை விட்டுவிடுகிறேன். வெயிலையும் முரட்டுக் கையாளலையும் அது எப்படித் தாங்குகிறது என்பது மட்டும் இங்கே.

முதலில் வெயில். பழைய பதிப்பில் வெள்ளைப் பின்னணியில் சாம்பல் நிற எழுத்து. அலுவலகத்தில் பார்த்தால் லட்சணமாக இருக்கும், வயலில் மதியம் ஒன்றும் தெரியாது. பிரைட்னஸைக் கூட்டு என்பார்கள். ஆனால் பிரச்சினை திரையின் வெளிச்சம் போதாதது மட்டுமல்ல, கண்ணாடியில் வெளியுலகம் பிரதிபலிப்பதும்தான். கண்ணாடியின் மேல்பரப்பு தன் மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். பிரகாசத்தை அளக்கும் அலகு நிட்ஸ். நீல வானத்தின் பிரகாசத்தை 5,000 நிட்ஸ் என்று வைத்துக்கொண்டால், அதில் 200 நிட்ஸ் திரையின் எல்லா இடத்திலும் ஏறி உட்கார்ந்துவிடும், கறுப்பு எழுத்தின் மேலும்தான்.

எங்கள் போன் திரை 450 நிட்ஸ் தரும் ரகம். வெள்ளைப் பகுதி 650 ஆகிறது, கறுப்பு 200 ஆகிறது. வித்தியாசம் மூன்று மடங்குக்குச் சற்று மேல். `#767676` என்ற சாம்பல், வெள்ளைப் பின்னணியில் 4.5 மடங்கு வேறுபாடு காட்டி, வலைத்தள அணுகல் விதியில் தேறிவிடும் நிறம். அது தானாக 80 நிட்ஸ் அளவு ஒளிர்கிறது, மேலே 200 சேர்ந்தால் 280. வெள்ளைக்கும் அதற்கும் இடையே வெறும் 2.3 மடங்கு. அந்த விதியின் கணக்கில் சுற்றுப்புற வெளிச்சத்துக்கு ஒரு சிறிய நிலையான அளவுதான் உண்டு. வெட்டவெளிக்கு அது பொருந்தாது.

இதில் இன்னொரு கண்ணி. வெயிலும் முழு பிரைட்னஸும் சேர்ந்து போன் சூடேறினால், அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் திரையைத் தானே மங்க வைக்கும். 450 என்பது 250 ஆனால் கறுப்பு எழுத்துகூட 2.25 மடங்குக்கு இறங்கிவிடும், அதாவது சாம்பல் முன்பு இருந்த இடத்துக்கு. அதனால்தான் காலை பத்து மணிக்குப் படிக்க முடிந்த பக்கம் ஒரு மணிக்குப் படிக்க முடிவதில்லை. மங்கிவிட்டது என்று பிரைட்னஸ் பட்டையை மறுபடி மேலே இழுத்தும் ஏறவில்லை என்றால் காரணம் சூடுதான். மேப்பை மூடிவிட்டுச் சிறிது நேரம் நிழலில் வைப்பதைத் தவிர வழியில்லை.

நடுவில் வந்த ஒரு அப்டேட்டில் கறுப்புப் பின்னணியை நிலையாக வைத்தார்கள், பேட்டரி மிச்சமாம். கணக்குப்படி வேறுபாடு அதேதான், ஆனால் பெரிய கறுப்புப் பரப்பு கண்ணாடி மாதிரி என் முகத்தையும் தொப்பியையும் காட்டியது. விரல் பட்ட வியர்வைக் கறை வேறு. இப்போதைய பதிப்பு வெள்ளைப் பின்னணி, சுத்தக் கறுப்பு, தடித்த எழுத்து. தமிழுக்குத் தடிமன் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் வெயிலில் முதலில் காணாமல் போவது புள்ளிதான். விவசாயி பெயரும் அப்பா பெயரும் ஒன்றுபோல் இருக்கும் ஊர்களில், ஒரு புள்ளி தெரியாததால் பக்கத்து ஆளின் பக்கத்தைத் திறந்துவிட வாய்ப்புண்டு.

ஆப் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நிற்கும் இடமும் முக்கியம். வெயில் நேரடியாக விழும் வெள்ளைச் சட்டை நீல வானத்தைவிடப் பல மடங்கு பிரகாசம், அது திரையில் பிரதிபலித்தால் எந்த வடிவமைப்பும் காப்பாற்றாது. முதுகைச் சூரியனுக்குக் காட்டி நின்றால் சட்டையின் முன்புறமும் திரையும் நம் நிழலில் வந்துவிடும். நான் அடர்நிறச் சட்டைக்கு மாறிவிட்டேன். தொப்பியைக் கழற்றித் திரைக்கு மேல் பிடிப்பது மட்டும் சில சமயம் எதிராக வேலை செய்யும். ஒளியை அளக்கும் சென்சார் போனின் மேல் முனையில் இருக்கும், அதையும் தொப்பி மறைத்தால் இருட்டிவிட்டது என்று எண்ணித் திரை மங்கும். அதற்காக ஆட்டோ பிரைட்னஸை அணைக்கவும் வேண்டாம். பல போன்களில் அது போட்டிருந்தால்தான் வெயிலுக்கான கூடுதல் வெளிச்சம் கிடைக்கும்.

பழைய பதிப்பில் எனக்கு ஆகாத இடம் நடவா கட்டையா என்ற பகுதி. வலப்பக்கம் தள்ளினால் கட்டை, இடப்பக்கம் தள்ளினால் நடவு என்று ஒரு சின்ன சுவிட்ச். எது தேர்வாகியிருக்கிறது என்பதற்கு வெளிர் பச்சை, வெளிர் சாம்பல் மட்டும்தான் அடையாளம். மதிய வெயிலில் இரண்டும் ஒரே நிறம். கட்டைப் பயிர் நடவைவிட முன்னதாக முதிரும், ஆகவே இங்கே தவறினால் கட்டிங் ஆர்டர் தப்பான மாதத்தில் போகும். விவசாயி ஆலைக்கு வந்து கேட்கும்போதுதான் விஷயமே வெளிவரும். புதிய பதிப்பில் ‘நடவு’, ‘கட்டை’ என்று இரண்டு பெரிய பொத்தான்கள். தேர்ந்தெடுத்தது முழுக் கறுப்பாகி வெள்ளை எழுத்தும் டிக்கும் காட்டும். சேமிக்கும் முன் ‘கட்டை, கோ 86032, 2.10 ஏக்கர்’ என்று பெரிய எழுத்தில் ஒரு வரி வரும். அதை விவசாயிக்கு உரக்க வாசித்துக் காட்டுகிறேன். கண்ணுக்குத் தப்பியது அவர் காதுக்குத் தப்புவதில்லை.

பொத்தானின் அளவும் மாறியிருக்கிறது. ஆண்ட்ராய்டு சொல்லும் குறைந்தபட்ச அளவு ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். உட்கார்ந்து தொடுகிறவருக்கு அது போதும். சுணைக்குப் பயந்து கையுறை போட்டு, மற்றொரு கையால் சோகையை விலக்கிக்கொண்டு தொடுகிறவருக்குப் போதாது. சாதாரணத் துணிக் கையுறைக்குத் திரை அசையவே அசையாது, விரலில் ஒன்றையாவது வெளியே விட்டாக வேண்டும். வியர்வைத் துளி திரையில் விழுந்தால் அதையும் தொடுதல் என்று எடுத்துக்கொள்ளும். மேலே ஒட்டும் மலிவான டெம்பர்டு கிளாஸ் ஓரத்தில் மட்டும் பசை உள்ளதாக இருந்தால் நடுவே காற்று நிற்கும். தொடுதலும் மந்தமாகும், பிரதிபலிக்கும் பரப்பும் கூடும். முழுப் பரப்பும் ஒட்டும் வகையையே கேட்டு வாங்குங்கள்.

விழுவது தினசரி. குனியும்போது சட்டைப்பையிலிருந்து பம்புசெட் தொட்டி ஓரத்தில் விழும். பெட்டியில் ராணுவத் தரம் 810 என்று அச்சிட்டிருப்பார்கள். அதன் வழக்கமான விழும் சோதனை 122 செ.மீ. உயரத்திலிருந்து, கான்கிரீட் மேல் விரித்த ஒட்டுப்பலகையில். எங்கள் ஊரில் கான்கிரீட் மேல் யாரும் பலகை விரிப்பதில்லை! ஆனால் கண்ணாடி உடைவதைவிட எரிச்சல், பாதி நடந்த எல்லை தொலைவது. பழைய பதிப்பில் கேமராவைத் திறந்தாலே போதும், நினைவகம் குறைந்த போனில் ஆண்ட்ராய்டு பின்னால் இருந்த ஆப்பை மூடிவிடும். திரும்பி வந்தால் படிவம் காலி. புதியதில் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு கட்டமும் உடனுக்குடன் போனிலேயே சேமிக்கப்படுகிறது. பேட்டரி தீர்ந்து அணைந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ‘எல்லை முடிந்தது’ பொத்தானை இரண்டு விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதால், பைக்குள் இருக்கும்போது தொடை பட்டுப் பாதியில் முடிந்துவிடுவதும் நின்றது. மூலைப் புள்ளி வைக்க வால்யூம் பட்டனும் வேலை செய்கிறது, ஒரு அதிர்வு வரும். திரையைப் பார்க்கவே வேண்டாம்.

போட்டோ எடுக்கும் பக்கம் மட்டும் இன்னும் தேறவில்லை. கேமராக் காட்சிக்கு மேல் வெள்ளை எழுத்தில் குறிப்பு போடுகிறார்கள், வானம் பின்னால் வந்தால் அது மறைந்துவிடுகிறது. அடியில் ஒரு கறுப்புப் பட்டை போட்டு அதற்குள் எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.