சிக்ஸர் கணக்கு, அவுட் கணக்கு விற்கும் டெலிகிராம் சேனல்: பணம் கட்டுமுன் படியுங்கள்

நான் இருப்பது இங்கிலாந்தில். இங்கே கிரிக்கெட் பந்தயம் சட்டப்படி செல்லும். ஐபிஎல் சமயத்தில் தமிழிலேயே குறிப்பு தரும் ஒரு டெலிகிராம் சேனலுக்கு மாதச் சந்தா கட்டினேன். மொத்த சிக்ஸர் எத்தனை, அடுத்த விக்கெட் எப்படி விழும் என்ற இரண்டுக்கு மட்டும்தான் கணிப்பு தருவார்கள். ஆட்டக்காரர்களின் பாணியையும் பவுண்டரி தூரத்தையும் வைத்துக் கணக்குப் போடுவதாகச் சொல்லி ஒரு எக்செல் தாளும் அனுப்புவார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் நடந்த ஒரு ஆட்டத்துக்கு வந்த தாளை எடுத்துக்கொள்கிறேன். பந்தய நிறுவனம் வைத்த கோடு 18.5 சிக்ஸர், மொத்தம் அதற்கு மேலே போகுமா கீழே நிற்குமா என்பதுதான் பந்தயம். தாள் சொன்னது 21, அதனால் "மேலே" போடு என்றார்கள். ஒவ்வொருவரும் வழக்கமாக எத்தனை பந்து ஆடுவார் என்று ஏழு பேருக்கு எழுதியிருந்தார்கள்: 30, 25, 25, 20, 15, 12, 10. கூட்டினால் 137. ஒரு இன்னிங்ஸில் இருப்பதே 120 பந்துதானே! இரண்டு அணிக்கும் சேர்த்து இல்லாத 34 பந்துகளில் சிக்ஸர் அடிக்க வைத்திருக்கிறார்கள். 13 பந்துக்கு ஒரு சிக்ஸர் என்ற அவர்கள் விகிதத்தையே வைத்து 240 பந்துக்குப் போட்டால் 18.5 வருகிறது, அதாவது நிறுவனம் வைத்த அதே கோடு. துரத்தும் அணி இரண்டு ஓவர் மிச்சம் வைத்து ஜெயித்தால் அது 17.5 ஆகிவிடும். 2024 இறுதிப் போட்டியில் ஹைதராபாத் 18.3 ஓவரில் 113-க்குச் சுருண்டது, கொல்கத்தா 10.3 ஓவரில் முடித்தது. மொத்தம் 29 ஓவர்தான் நடந்தது. அதே சீசனில் சின்னசாமியில் பெங்களூரும் ஹைதராபாத்தும் ஆடியபோது 38 சிக்ஸர் பறந்தது. சேனலின் விளம்பரத்தில் அந்த 38 மட்டும்தான் இருக்கும்.

பவுண்டரி விஷயமும் அப்படித்தான். மைதானத்துக்கு ஒரே ஒரு தூரம் போட்டிருந்தார்கள். நடுவில் பக்கத்துப் பக்கத்தில் பல பிட்ச்கள் இருக்கும். ஓரத்தில் உள்ள பிட்சில் ஆட்டம் நடந்தால் ஒரு பக்கம் குறைந்து மறுபக்கம் நீளும். கயிறையும் நகர்த்தி வைப்பார்கள். அன்றைக்கு எந்தப் பிட்ச் என்று தெரியாமல், இடது கை ஆட்டக்காரருக்குக் குட்டைப் பக்கம் லெக் சைடில் வருகிறதா ஆஃப் சைடில் வருகிறதா என்று எப்படிச் சொல்வது?

அவுட் கணிப்பில் நடப்பது இன்னும் மோசம். "கேட்ச்" என்றே திரும்பத் திரும்ப வரும், மாதக் கடைசியில் "67 சதவீதம் வெற்றி" என்று படம் போடுவார்கள். இருபது ஓவர் ஆட்டத்தில் விழும் விக்கெட்டுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கேட்ச்தான், இதற்கு நிபுணர் எதற்கு? அதற்குக் கிடைக்கும் விலை 1.40 என்று வையுங்கள், அதாவது ஒரு பவுண்டு போட்டு ஜெயித்தால் போட்டதும் சேர்த்து 1.40 பவுண்டு வரும். நூறு முறை ஒவ்வொரு பவுண்டு போட்டு 67 முறை ஜெயித்தால் கைக்கு வருவது 93.80 பவுண்டு. நட்டமில்லாமல் தப்பவே 71-க்கு மேல் வேண்டும். "சின்ன மைதானம், அதனால் கேட்ச் அதிகம்" என்ற அவர்கள் காரணமும் ஒட்டவில்லை. பெரிய மைதானத்தில் லாங் ஆனில் பிடிபடும் அடி, சின்ன மைதானத்தில் கயிறைத் தாண்டிவிடும்.

இதெல்லாம் திறமைக் குறைவு என்று விட்டிருப்பேன். ஆனால் லெஸ்டரில் இருக்கும் நண்பனும் அதே ஆளிடம் வேறொரு குழுவில் சந்தா கட்டியிருந்தான். பேச்சுவாக்கில் அந்தச் சின்னசாமி ஆட்டம் வந்தது. "மச்சான், எனக்கு 'கீழே' போடச் சொல்லித்தானே வந்தது?" என்றான். அதே ஆட்டம், அதே கோடு. பாதிப் பேருக்கு மேலே, பாதிப் பேருக்குக் கீழே. எந்தக் குழு ஜெயிக்கிறதோ அந்தக் குழுவுக்கு மறுநாள் "விஐபி" சந்தா அழைப்பு போகும். தோற்ற குழுவில் பதிவே காணாமல் போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. டெலிகிராம் சேனலில் ஒவ்வொரு பதிவின் இணைப்பிலும் கடைசியில் ஒரு எண் இருக்கும், வரிசையாக ஏறும். நீக்கிய பதிவின் எண் திரும்ப வராது. பல படங்களைச் சேர்த்துப் போட்டாலும் சில எண்கள் தாண்டும், அதனால் ஓரிரண்டு இடைவெளியைப் பெரிதாக எடுக்க வேண்டாம். நான் பார்த்த சேனலில், ஆட்டம் முடிந்த இரவுகளில்தான் ஓட்டை ஓட்டையாக இருந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "சந்தா கல்விக்காக, பந்தயத்துக்கு அல்ல" என்று ஒரு வரி பதில், அப்புறம் பிளாக். தனி ஆளின் வங்கிக் கணக்குக்கு நானே அனுப்பிய பணம் என்பதால் வங்கி இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறது. ஊரில் இருந்து கட்டியவர்களுக்கு அதுவும் கடினம். ஆன்லைன் பந்தயத்தைத் தடுக்கும் தமிழ்நாட்டின் 2022 சட்டமும் மத்திய அரசின் 2025 சட்டமும் இருக்கும்போது, பந்தயத்துக்காகக் கட்டினேன் என்று எந்த நிலையத்தில் போய்ச் சொல்வார்கள்? ஊர்க்காரர்களுக்குச் சந்தாவில் பாதி தள்ளுபடி என்று அந்த ஆள் அறிவித்தது ஏன் என்று இப்போது புரிகிறது.