ஆறு பேர் பேட்ச்சா, பதினெட்டு பேர் பேட்ச்சா: ஆன்லைன் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு எது கட்டுப்படியாகும்?

ஆன்லைனில் ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்துபவர்கள் கட்டணத்தை முடிவு செய்யும்போது, மற்றவர்கள் எவ்வளவு வாங்குகிறார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். நான் வேறொரு கணக்கிலிருந்து தொடங்குவேன்: ஒரு மாணவருக்கு வாய் திறந்து பேச எத்தனை நிமிடம் கிடைக்கிறது? அவர் காசு கொடுப்பது அதற்காகத்தான்.

ஊருக்கு ஊர் பணம் மாறும் என்பதால், ஆசிரியரின் ஒரு மணி நேரச் சம்பளத்தை ஓர் அலகு என்று வைத்துக்கொள்வோம். எட்டு வாரம், வாரம் மூன்று வகுப்பு, ஆக 24 மணி நேரம். தயாரிப்பு, திருத்தம் எல்லாம் சேர்த்து ஒரு பேட்ச்சுக்கு ஆசிரியர் செலவு 30 அலகு. 6 பேர் இருந்தாலும் 18 பேர் இருந்தாலும் இது மாறாது. விளம்பரம், டெமோ வகுப்பு, லெவல் டெஸ்ட் ஆகியவற்றுக்குத் தலைக்கு 2.5 அலகு ஆகும் என்று கொள்வோம்.

இடத்தின் எண்ணிக்கையை வைத்து வகுத்து, கட்டணம் போடுவதுதான் பலரும் சறுக்கும் இடம். 18 இடம் என்று அறிவித்தால் 18 பேரும் சேர்ந்துவிடுவதில்லை. அதனால் ஆறில் ஐந்து, பதினெட்டில் பன்னிரண்டு என்று வைத்தே கணக்குப் போடுகிறேன். சின்ன பேட்ச்சின் மொத்தச் செலவு 42.5 அலகு, தலைக்கு 8.5. பெரிய பேட்ச்சின் மொத்தச் செலவு 60 அலகு, தலைக்கு 5. சின்னதில் 11 அலகு வாங்கினால் 12.5 மிஞ்சும். பெரியதில் 6 அலகு வாங்கினால் 12 மிஞ்சும். ஏறக்குறைய ஒரே லாபம்தான்.

சரி, மாணவர் பக்கம் வருவோம். ஒரு மணி நேரத்தில் ஆசிரியர் பேசுவது, விளக்குவது போக 40 நிமிடம் மிஞ்சும். ஐந்து பேர் என்றால் ஆளுக்கு 8 நிமிடம், கோர்ஸ் முழுக்க 192 நிமிடம். பன்னிரண்டு பேர் என்றால் ஆளுக்கு மூன்றரை நிமிடம்கூட ஒழுங்காகத் தேறாது, மொத்தம் 80 நிமிடம்தான். பேசும் நிமிடத்தை வைத்துப் பார்த்தால், 6 அலகு கட்டியவர்தான் 11 அலகு கட்டியவரைவிட முப்பது சதவீதம் அதிகம் கொடுக்கிறார். மலிவு பேட்ச் உண்மையில் மலிவே இல்லை.

பிரேக்அவுட் ரூமில் இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிட்டால் எல்லோரும் பேசலாமே என்று கேட்கலாம். பேசலாம்தான். ஆனால் ஆறு ரூமையும் 18 நிமிடத்தில் சுற்றிவரும் ஆசிரியர் ஒவ்வொன்றிலும் 3 நிமிடம் இருப்பார். மீதி நேரம் தப்பான வாக்கியத்தை யாரும் திருத்தாமல் இருவரும் பழகிக்கொண்டே போவார்கள். ஓரளவு பேச வருபவர்களுக்கு இது போதும். கூச்சத்தோடு வந்திருக்கும் தொடக்க நிலைக்காரர்களுக்குப் போதாது. அவர்கள் தாய்மொழிக்கு மாறிவிடுவார்கள், இல்லையென்றால் மௌனமாகிவிடுவார்கள்.

சின்ன பேட்ச்சின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். நாலு பேர்தான் சேர்ந்தார்கள் என்றால் 12.5 அலகு மிஞ்சும் இடத்தில் 4 அலகுதான் மிஞ்சும். ஒரே ஒருவர் குறைந்ததில் லாபத்தின் மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. பெரிய பேட்ச்சில் ஒருவர் குறைந்தால் 3.5 அலகுதான் போகும். அதனால் சின்ன பேட்ச்சில் மாதத் தவணை வேண்டாம். முழுக் கட்டணத்தையும் முன்பே வாங்குங்கள், ஐந்து பேர் சேராமல் தொடங்காதீர்கள். ஐந்து பேர் சீக்கிரம் சேர்ந்துவிடுவார்கள் என்பதும் ஒரு வசதி. பன்னிரண்டு பேருக்குக் காத்திருந்தால், முதலில் பணம் கட்டியவர் மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்பார். அதோடு, எண்ணிக்கை நிரம்ப வேண்டுமே என்று வெவ்வேறு லெவல்காரர்களை ஒரே பேட்ச்சில் போடும் தவறும் நடக்கும்.

பெரிய பேட்ச் நியாயமாவது ஒரே இடத்தில்தான்: மாலை நேர நெருக்கடி. வேலைக்குப் போகிறவர்கள் ஏழு முதல் ஒன்பது வரைதான் வருவார்கள். திங்கள்-புதன்-வெள்ளி, செவ்வாய்-வியாழன்-சனி என்று பிரித்தாலும் ஓர் ஆசிரியரால் மாலையில் நாலு பேட்ச்தான் எடுக்க முடியும். சின்னது என்றால் 20 பேர், பெரியது என்றால் 48 பேர். கேட்டு வருகிறவர்கள் இருபதைத் தாண்டி, இரண்டாவது ஆசிரியரும் கிடைக்காதபோது மட்டும், ஓரளவு பேச வருபவர்களுக்கு ஒன்றிரண்டு பெரிய பேட்ச் போடலாம். தொடக்க நிலைக்காரர்களை நான் எந்த நிலையிலும் அதில் சேர்க்கமாட்டேன்.

அப்படிப் போட்டால், நாலாவது வாரம் ஒரு ரெக்கார்டிங்கை எடுத்து ஒவ்வொருவரும் எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மூன்று பேர் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகப் பேசியிருந்தால், அடுத்த முறை அந்த நேரத்துக்கு எட்டு பேரோடு நிறுத்திக்கொண்டு கட்டணத்தை ஏற்றுங்கள். எட்டு பேருக்கு 50 அலகு செலவாகும். தலைக்கு 8 அலகு வாங்கினால் 14 மிஞ்சும், ஆளுக்கு 5 நிமிடம் கிடைக்கும்.