இரண்டு வருடம் ஒரு ஒழுங்குத்தாளோடு: முரளி, மீற்றர், 45264

பம்பலப்பிட்டியில் இன்னொரு துடுப்பாட்டக் கழகத்தின் இணையத்தளத்தைக் கவனிக்கும் தம்பி ஒருவர் போன கிழமை கேட்டார்: "அண்ணை, உங்கட கழகத்தின்ர ஒழுங்குத்தாளை ஒருக்கா அனுப்பேலுமோ? நாங்களும் அதையே போடப்போறம்."

கேட்டது நேரம் பார்த்துத்தான். அதற்கு முந்தின இரவு ஒன்றரை மணிவரை அந்தத் தாள் தவறவிட்ட ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஆகையால் இந்தக் குறிப்பில் கொஞ்சம் எரிச்சல் கூடுதலாக இருந்தால் அதற்கு அந்த இரவுதான் காரணம்.

தாளின் பெயரிலேயே சண்டை தொடங்கியது. ஸ்டைல் ஷீட்டா, ஸ்ரைல் சீற்றா என்று முதல் கூட்டத்தில் அரை மணித்தியாலம் போனது. கடைசியில் 'ஒழுங்குத்தாள்' என்று வைத்துக்கொண்டோம். எங்கள் தளத்தில் எதை எப்படி எழுதுவது என்று சொல்லும் மூன்றரைப் பக்கம். ஆட்டக்காரர் பெயர்கள், அளவைகள், ஓட்ட எண்ணிக்கை எழுதும் முறை, அவ்வளவுதான். வெள்ளவத்தையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்து எழுதினோம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஓவர் பற்றிய பகுதிக்காகவே இந்தத் தாள் எழுதப்பட்டிருக்க வேண்டும். 18.5 ஓவர் என்றால் பதினெட்டரை ஓவர் அல்ல. பதினெட்டு ஓவரும் ஐந்து பந்தும், அதாவது 113 பந்துகள். இது துடுப்பாட்டம் பார்க்கும் எல்லாருக்கும் தெரியும். கணினிக்குத்தான் தெரியாது. தாள் வருவதற்கு முன் எங்கள் நான்கு அணித் தொடர் ஒன்றில் எதிரணி 20 ஓவரில் 137. நாங்கள் 18.5 ஓவரில் 138 அடித்து வென்றோம். அட்டவணை போட்டவர் 138ஐ அப்படியே 18.5ஆல் பிரித்து ஓவருக்கு 7.46 என்று எழுதினார். சரியான கணக்கு, 138ஐ 6ஆல் பெருக்கி 113ஆல் பிரிப்பது. வருவது 7.33. எதிரணியின் 6.85ஐக் கழித்தால் அந்த ஆட்டத்தில் எங்கள் நிகர ஓட்ட வீதம் 0.48. தளத்தில் போனதோ 0.61. மற்ற ஆட்டங்களிலும் இதே பிழை ஏற, இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும் மாறிவிட்டன. ஒரு பின்னேரம் முழுக்க நாங்கள் இறுதிப்போட்டிக்குப் போய்விட்டதாக நினைத்துக்கொண்டிருந்தோம். கொத்துக்குச் சொல்லி, சாப்பிட்டும் முடித்துவிட்டோம்.

இப்போது தாளில் இருப்பது இந்த ஒரு வரி. B2 என்ற கட்டத்தில் ஓவரை வழக்கம்போல் எழுதினால் பந்துக் கணக்காக மாற்றித் தரும்:

```
=INT(B2)*6+ROUND((B2-INT(B2))*10,0)
```

பக்கத்திலேயே ஒரு எச்சரிக்கையும் உண்டு. 18.5 ஓவரில் எல்லாரும் ஆட்டமிழந்தால் 113 பந்து என்று கணக்கிடக் கூடாது, முழு 20 ஓவரும் பிடித்ததாகத்தான் எடுக்க வேண்டும். அப்போது அதே 138க்கு வீதம் 6.90தான். இரண்டு வருடத்தில் இந்தப் பகுதி எங்களை ஒருமுறையும் கைவிடவில்லை.

பந்துவீச்சு எண்களும் அப்படித்தான். நாலு விக்கெட், பன்னிரண்டு ஓட்டம் என்பதை 4/12 என்று, திகதியில் நாள் முன்னால் வரும் எங்கள் எக்செலில் அடித்தால் அது டிசம்பர் 4 ஆகிவிடும். 3/45 என்றால் 1945 மார்ச். பிழை தெரிந்தபிறகு அந்தக் கட்டத்தை எழுத்து வடிவத்துக்கு மாற்றினால் பழைய 4/12 திரும்பி வராது, ஐந்து இலக்க எண் ஒன்றுதான் வரும். எங்கள் சுழற்பந்து வீச்சாளர் ஒருவரின் சிறந்த பந்துவீச்சு 45264 என்று நான்கு நாள் தளத்தில் இருந்தது. 2023 டிசம்பர் 4ஐ எக்செல் எண்ணி வைத்திருக்கும் இலக்கம் அது. அதன்பிறகு விக்கெட் ஒரு நிரல், ஓட்டம் இன்னொரு நிரல் என்று பிரித்தோம். சேர்த்துக் காட்டுவது பக்கத்தின் வேலை. அணியின் எண்ணிக்கையில் ஓட்டம் முன்னால், விக்கெட் பின்னால்: 152/7. அவுஸ்திரேலியாவில் இருக்கும் எங்கள் பழைய ஆட்டக்காரர் ஒருவர் அங்கத்தைய வழக்கப்படி 7/152 என்றுதான் இன்னும் அனுப்புகிறார். அனுப்பட்டும், திருத்திக்கொள்கிறோம்.

அளவைகளில் சொல்ல அதிகம் இல்லை. பாடப்புத்தகத்தில் படித்த நாங்கள் மீற்றர் என்கிறோம். இந்தியச் சஞ்சிகைகள் வாசித்து வளர்ந்த இளையவர்கள் மீட்டர் என்கிறார்கள். ஒன்றைப் போட்டுத் தேடினால் மற்றது அகப்படாது. மீ., கி.மீ. என்று சுருக்கி எழுதுவோம் என்று முடிவெடுத்ததும் சண்டை ஓய்ந்தது. ஆடுகளம் 22 யார், அதை 20.12 மீ. ஆக்க வேண்டாம் என்றும் ஒரு வரி இருக்கிறது. அந்த வரி என்னுடையது.

இனிப் பெயர்கள். இரண்டு வருட எரிச்சல் முழுக்க இங்கேதான்.

தளத்தில் பெயரும் குடும்பப் பெயரும் என்று இரண்டு கட்டங்கள். எங்களிடம் குடும்பப் பெயர் ஏது? அப்பாவின் பெயர்தான் முன்னெழுத்து. படிவத்தை நிரப்பியவர்கள் இரண்டாம் கட்டத்தில் அப்பாவின் பெயரைப் போட்டார்கள். ஓட்ட அட்டையோ இரண்டாம் கட்டத்தை மட்டும் காட்டும். அண்ணன் பந்துவீச, தம்பி பிடியெடுத்த ஆட்டத்தில் அட்டையில் விழுந்தது, "பிடி நடராஜா, பந்து நடராஜா". அடுத்த ஞாயிறு மைதானத்தில் அப்பா வந்து கேட்டார், "ஏன் தம்பி, நான் எப்ப கட்ச் பிடிச்சனான்?" இப்போது தாளின் விதி: இரண்டாம் கட்டத்தில் சொந்தப் பெயர், முதல் கட்டத்தில் முன்னெழுத்து மட்டும். கட்டத்தின் தலைப்பைப் பார்க்க வேண்டாம் என்று தடித்த எழுத்தில் எழுதியிருக்கிறோம். அப்படியும் புதிதாகச் சேருகிறவர்களில் பாதிப்பேர் தலைப்பைப் பார்த்துத்தான் நிரப்புகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை.

ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கு நாங்கள் வைத்த விதி, அவரவர் எப்படி எழுதுகிறாரோ அப்படி. த வந்தால் th என்பது எங்களூர்ப் பழக்கம். ஆனால் அண்ணன் Tharshan, தம்பி Dharshan என்று ஒரே வீட்டில் இருப்பார்கள். முரளியையே பாருங்கள். உலகம் பல காலம் Muralitharan என்றுதான் எழுதியது. 2007இல் அவுஸ்திரேலியா–இலங்கை டெஸ்ட் தொடர்களுக்குக் கிண்ணம் ஒன்று வந்தபோது அதில் Warne–Muralidaran என்று d போட்டார்கள். அவரைக் கேட்டு உறுதிப்படுத்திய எழுத்துக்கூட்டல் அது. 2010இல் காலியில் 800ஆவது விக்கெட்டை எடுத்தவருக்கே இந்த நிலை. ஆகவே கேட்டு எழுதுவோம் என்ற விதியில் எனக்குக் குறை இல்லை. கேட்டால் மூன்று மாதம் கழித்துப் பதில் வரும், அதுதான் குறை.

சிங்களப் பெயர்களைத் தமிழில் எழுதுவதில் தாள் எங்களை ஒருமுறை நன்றாகவே ஏமாற்றியது. சங்கக்கார, ஜயவர்தன, மாலிங்க என்று முடிவைக் குறிலாக எழுதுவது இங்குள்ள பத்திரிகை வழக்கம். சிங்கள உச்சரிப்பும் அதுதான். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் அது சங்கக்காரா, மலிங்கா ஆகிவிடும். எனவே, 'சிங்களப் பெயர் குறிலில் முடியும்' என்று எழுதி வைத்தோம். விதியை மதிக்கும் ஒரு தம்பி அடுத்த கிழமையே தளம் முழுக்கப் பெரேராவைப் பெரேர ஆக்கி, சில்வாவைச் சில்வ ஆக்கிவிட்டார். போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற அந்தப் பெயர்களைச் சிங்களத்திலும் நெடிலாகத்தான் எழுதுகிறார்கள். எங்கள் விக்கெட் காப்பாளர் தன் பெயரைத் தமிழில் வாசிக்கக் கூடியவர். ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். விதிக்குக் கீழே இப்போது விலக்குப் பட்டியல் ஒன்று நீண்டுகொண்டே போகிறது.

சரி, அந்த இரவுக்கு வருகிறேன். ஆட்டக்காரரை ஸ்ரீகாந்தன் என்றே வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயர் அதுவல்ல. அவர் கேட்டார், "போன வருசம் 599 ஓட்டம் அடிச்சனான், தளத்தில 412 எண்டு கிடக்கே?" பார்த்தால் பட்டியலில் இரண்டு ஸ்ரீகாந்தன்கள். ஒருவருக்கு 412, மற்றவருக்கு 187. எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான். நான் நகலெடுத்து, அருகருகே ஒட்டி, எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை.

ஸ்ரீ என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாக அடிக்கலாம். ஸ், ரீ என்று சேர்ப்பது பழைய வழி. யுனிகோடில் 2005இல் ஶ என்ற எழுத்து தனியாக வந்தபிறகு அதனோடு ரீ சேர்ப்பது மற்ற வழி. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத்தான் தெரியும். கைப்பேசியில் எண்ணிக்கை குறிப்பவர் ஒரு விசைப்பலகை, மடிக்கணினியில் ஏற்றுபவர் இன்னொன்று. தளத்துக்கு அவர்கள் இரண்டு மனிதர்கள். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: ஸ என்ற எழுத்தை மட்டும் போட்டுத் தேடுங்கள். ஒரு ஸ்ரீகாந்தன் அகப்படுவார், மற்றவர் அகப்படமாட்டார். திருத்தம் ஒரே வரிதான்:

```
=SUBSTITUTE(A2,UNICHAR(2998),UNICHAR(3000))
```

ஶ வந்த இடத்திலெல்லாம் ஸ போட்டுவிடும். இதைச் செய்து முடித்த கையோடு சௌந்தரராஜன் ஒருவரையும் பிடித்தேன். யாரோ செ, ள என்று தனித்தனியாக அடித்துச் 'செளந்தரராஜன்' ஆக்கியிருந்தார்கள். அது அந்த வரியால் திருந்தாது, கையால்தான் திருத்த வேண்டும். மூன்றரைப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பெயரை எப்படி எழுதுவது என்று ஒரு பக்கம் எழுதிய நாங்கள், எப்படி அடிப்பது என்று யோசிக்கவேயில்லை.

ஆக, ஓவர் பகுதிக்கு நூற்றுக்கு நூறு. எக்செல் பகுதிக்கும் அப்படியே. இருந்தாலும் தம்பிக்கு நான் சொன்ன பதில், இதை எடுக்காதே என்பதுதான். பெயர்ப் பகுதியை எடுத்தால் எங்கள் பெரேராவும் நடராஜாவும் உங்களுக்கு வந்துசேருவார்கள், உங்களுடையவர்கள் அதில் இருக்கமாட்டார்கள். முதலில் உங்கள் ஆட்டக்காரர் ஒவ்வொருவரிடமும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரை எழுதி வாங்கி, அதை ஒரே ஆள் ஒரே விசைப்பலகையில் அடிக்கட்டும் என்றேன்.

"சரி அண்ணை, ஆனா ஓவர்ப் பக்கத்தை மட்டுமாவது அனுப்புங்கோ" என்றார். அனுப்பினேன். அன்று பின்னேரமே பதில் வந்தது: 22 யாரை அவர்களுடைய தலைவர் 20.12 மீட்டர் ஆக்கிவிட்டாராம்.