விலை அசையவில்லை, 234 ரூபாய் போய்விட்டது

நான்கு ஆண்டுகளாக ஒரே தரகுச் செயலியில்தான் பங்கு வாங்கி விற்கிறேன். வாங்கிய பங்கை அன்றே விற்காமல் வைத்துக்கொள்ளும் டெலிவரிக்குத் தரகு கிடையாது என்ற விளம்பரத்தைப் பார்த்துச் சேர்ந்தவன். அது பொய்யில்லை. ஆனால் முதல் ஆண்டில் என் பணம் கசிந்த ஓட்டை, வாங்கல் விற்றலையும் கட்டணங்களையும் பட்டியலிட்டு வரும் கான்ட்ராக்ட் நோட்டின் எந்த வரியிலும் இல்லை.

தேசியப் பங்குச் சந்தையில் அதிகம் கைமாறாத ஒரு சிறு நிறுவனப் பங்கு அது. திரையில் பெரிய எழுத்தில் 84.50 என்றிருந்தது. அது யாரோ இருவர் கடைசியாக முடித்துக்கொண்ட விலை, எனக்குக் கிடைக்கப்போகும் விலை அல்ல. அன்று அது எனக்குத் தெரியாது. 200 பங்குக்கு மார்க்கெட் ஆர்டர் போட்டேன், அதாவது கிடைக்கும் விலைக்கு உடனே வாங்கு என்று.

எந்த விலைக்கு எத்தனை பங்கு காத்திருக்கிறது என்று காட்டும் மார்க்கெட் டெப்த்தைத் திறந்து பார்த்திருக்கலாம். விற்பவர் வரிசையின் தலையில் 84.90-க்கு 60 பங்குதான் இருந்தது. அடுத்த 90 பங்கு 85.20-க்கும், மீதி 50 பங்கு 85.45-க்கும் கிடைத்தன. மொத்தம் 17,034.50 ரூபாய்.

மூன்று வாரம் கழித்துப் பணம் தேவைப்பட்டது. திரையில் அதே 84.50. விற்றேன், மறுபடியும் மார்க்கெட் ஆர்டரில். வாங்குபவர் பக்கம் 84.10-க்கு 120 பங்கும் 83.85-க்கு 80 பங்கும் போயின. விற்ற தொகை 16,800.

விலை நகரவே இல்லை, 234.50 ரூபாய் காணோம். இதில் 160 ரூபாய், வாங்குபவர் கேட்ட 84.10-க்கும் விற்பவர் கேட்ட 84.90-க்கும் நடுவே இருந்த 80 காசு இடைவெளி தின்றது. மீதி 74.50, வரிசை ஆழமில்லாததால் போனது. நான் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்த பரிவர்த்தனை வரி, இரு பக்கமும் சேர்த்து வெறும் 34 ரூபாய்! காணாமல் போன 234.50-ஓ, ஒரு முறை வாங்கி விற்க ஏறக்குறைய 1.4 சதவீதம். மாதம் ஒருமுறை இப்படிச் செய்தால், விலை ஏறாமலும் இறங்காமலும் நின்றாலே ஆண்டு முடிவில் போட்ட பணத்தில் 15 சதவீதம் கரைந்திருக்கும்.

இப்போது, என் விலையை நானே சொல்லிக் காத்திருக்கும் லிமிட் ஆர்டர் மட்டுமே போடுகிறேன். இடைவெளியை விலையால் வகுத்துப் பார்ப்பேன்; கால் சதவீதத்துக்கு மேல் போனால் அந்தப் பங்கில் அடிக்கடி கைவைப்பதில்லை. பெரிய நிறுவனப் பங்குகளில் இந்தக் கணக்கே பெரும்பாலும் தேவைப்படாது. காலை 9.15-க்குச் சந்தை திறந்தவுடன் இடைவெளி அகன்றிருக்கும் என்பதால் சற்றுப் பொறுத்தே வாங்குகிறேன்.

லிமிட் ஆர்டரும் இலவசமல்ல. வாங்குபவர் விலைக்கும் விற்பவர் விலைக்கும் நடுவில் கேட்டுக் காத்திருந்தால், பல சமயம் விலை சரியத் தொடங்கும்போதுதான் பங்கு சட்டென்று கைக்கு வருகிறது. ஏறும் நாளில் வருவதே இல்லை. சென்ற மாதம் ஒரு பங்கை 112.40-க்குக் கேட்டுக் காத்திருந்தேன். அது 112.55-க்குக் கீழே இறங்காமல் 116 வரை போனது. மாலை மூன்றரைக்குச் சந்தை மூடியதும் என் ஆர்டர் தானாக ரத்தாகிவிட்டது.