மின்சாரம் போனால் வேகமெடுத்த லேப்டாப்

நான் 3 ஆண்டுகளாகப் பயன்படுத்தும் அலுவலக லேப்டாப்பின் மாடலையே தானும் வாங்கலாமா என்று காட்பாடி நண்பர் ஒருவர் கேட்டார். கீபோர்டும் திரையும் இன்றுவரை குறை வைக்கவில்லை. ஆனால் ராணிப்பேட்டை அலுவலகத்தில் 4 மாதங்கள் அது என்னைப் படுத்திய பாட்டைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது.

எக்செல் கோப்பைத் திறந்துவிட்டுத் தேநீர் குடித்து வரலாம் என்னும் அளவுக்கு வேகம் குறைந்திருந்தது. "லேப்டாப் ரொம்ப ஸ்லோ, உடனே பார்க்கவும்" என்று அலுவலக ஐ.டி. பிரிவுக்கு 3 முறை டிக்கெட் போட்டேன். முதல் முறை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னார்கள். இரண்டாம் முறை தொலைவிலிருந்தே டாஸ்க் மேனேஜரைப் பார்த்து, சிபியு 16 சதவீதம்தான் ஓடுகிறது, பிரச்சினை இல்லை என்று முடித்துவிட்டார்கள். மூன்றாம் முறை வாங்கிச் சென்று விண்டோஸையே புதிதாகப் போட்டார்கள். அவர்களுடைய மேசையில் குதிரையாக ஓடியது, என் மேசைக்கு வந்ததும் படுத்துக்கொண்டது.

ஒரு நாள் மின்சாரம் போய், ஜெனரேட்டர் எடுப்பதற்குள் கிடைத்த சில நிமிடங்களில் எக்செல் பறந்தது. அப்போதுதான் சார்ஜரின் மேல் சந்தேகம் விழுந்தது. வீட்டிலும் ஐ.டி. மேசையிலும் இருந்தவை வேறு சார்ஜர்கள். நான்காவது டிக்கெட்டை இப்படி எழுதினேன்:

"அலுவலகச் சார்ஜரைச் செருகிய சில நொடிகளில் டாஸ்க் மேனேஜரில் Speed 0.39 GHz-க்கு இறங்கி அங்கேயே நிற்கிறது; கழற்றினால் 2.4 GHz-க்கு மேல் ஏறுகிறது. காலை 11.10 முதல் 11.30 வரை 5 முறை சோதித்தேன், 5 முறையும் இதுவே நடந்தது. வீட்டுச் சார்ஜரில் இப்படி ஆவதில்லை. பேட்டரி குறியில் plugged in, not charging என்று வருகிறது. ஸ்கிரீன்ஷாட்கள் இணைப்பில்."

அன்று மாலையே வேறு சார்ஜர் வந்தது. பழையதன் முனைக்குள் இருக்கும் மெல்லிய நடு ஊசி வளைந்திருந்தது. சார்ஜர் எத்தனை வாட் என்பதை லேப்டாப்புக்குச் சொல்வது அந்த ஊசிதான். தகவல் வராவிட்டால், மின்சாரம் போதாது என்று கருதிச் சிபியு தன் வேகத்தைக் கட்டிப்போட்டுக்கொள்கிறது. எங்கள் விண்டோஸ் 10, டாஸ்க் மேனேஜரில் சிபியு சதவீதத்தை அதன் அடிப்படை வேகமான 2.4 GHz-ஓடு ஒப்பிட்டுக் காட்டுவதால், 2.4-இல் 0.39 என்பது 16 சதவீதமாகத் தெரிந்தது. சும்மா இருப்பதாக அவர்கள் நினைத்த சிபியு, உண்மையில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

Speed எண்ணை அவர்கள் பார்த்திருக்க வேண்டும் என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனாலும் எந்த இடத்தில், எந்தச் சார்ஜரில் கோளாறு வருவதில்லை என்ற ஒரு வரியை நான் முதல் டிக்கெட்டிலேயே எழுதியிருந்தால், விண்டோஸை அழித்துப் போட்ட 2 நாள் வீணாகியிருக்காது.

இப்போது இயந்திரம் அருமையாக ஓடுகிறது. இருந்தும் நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றே சொன்னேன். அந்த ஊசி வைத்த சார்ஜரை இன்னொரு முறை என்னால் நம்ப முடியாது.