வேண்டும், நல்லது, லாம்: ஐந்து வருடமாக நான் பயன்படுத்தும் சொல் அட்டவணை

சென்னையில் மருத்துவ வழிகாட்டுதல்களைத் தமிழாக்குவது என் வேலை. பரிந்துரையின் அழுத்தம் மாறாமல் இருக்க ஒரு சிறிய சொல் அட்டவணை வைத்திருக்கிறேன். ஐந்து வருடத்தில் அதை மூன்று முறை திருத்தினேன்.

தொடக்கத்தில் 'ஸ்ட்ராங்லி ரெகமெண்டட்' என்றால் 'வன்மையாகப் பரிந்துரைக்கிறோம்' என்று எழுதினேன். தமிழில் 'வன்மையாக' என்றதும் 'கண்டிக்கிறோம்' என்பதைத்தான் காது எதிர்பார்க்கிறது. 'மஸ்ட்', 'ஷுட்' இரண்டுக்கும் 'வேண்டும்' என்று போட்டதால் சட்டக் கட்டாயமும் ஆலோசனையும் ஒன்றாகிவிட்டன.

பாடம் கிடைத்தது நீரிழிவுப் பாதப் பராமரிப்புத் துண்டுப் பிரசுரத்தில். நீரிழிவுப் பாதத்துக்கான பன்னாட்டுக் குழுவின் 2023 வழிகாட்டுதலில், புண் வரும் அபாயம் உள்ளவர்கள் வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்பது உறுதியான பரிந்துரை. அபாயம் நடுத்தரமாகவோ அதிகமாகவோ இருந்தால், தினமும் பாதத்தின் வெப்பத்தை அளப்பது நிபந்தனைக்குட்பட்ட பரிந்துரை. அதாவது பலருக்குப் பொருந்தும், எல்லோருக்கும் அல்ல, அவரவர் நிலை பார்த்துப் பேசி முடிவு செய்வது.

நான் எழுதியது: 'வெறுங்காலோடு நடக்க வேண்டாம். பாதத்தின் வெப்பத்தைத் தினமும் அளக்கலாம்.' காத்திருப்புக் கூடத்தில் ஒரு அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அளக்கலாம்னா அளக்காட்டியும் பரவாயில்லதானே?" என்றார். பரிந்துரையில் இருந்த சாய்வு 'லாம்' விகுதியில் காணாமல் போயிருந்தது. அதே பக்கத்தில் 'புண் வரலாம்' என்றும் எழுதியிருந்தேன், அது சாத்தியத்தைச் சொல்லும் 'லாம்'. 'வேண்டாம்' இன்னும் மோசம். 'நடக்க அவசியமில்லை' என்றும் அது காதில் விழும்.

இப்போது அட்டவணை இப்படி. சட்டம் கேட்டால் மட்டும் 'கட்டாயம்'. உறுதியான பரிந்துரைக்கு 'வேண்டும்', எதிர்மறையில் 'கூடாது'. நிபந்தனையுள்ளதற்கு 'செய்வது நல்லது, மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள்'. 'லாம்' அனுமதிக்கு மட்டும். சாத்தியத்துக்கு 'வாய்ப்பு உண்டு'. 'நீட் நாட்' வந்தால் 'தேவையில்லை'. அப்புறம் ஒவ்வொரு பரிந்துரையின் கீழும் 'உறுதியான பரிந்துரை' அல்லது 'நிபந்தனையுள்ள பரிந்துரை' என்று தனி வரி. வினைமுற்று மட்டும் அழுத்தத்தைத் தாங்காது என்று ஆனபின் சேர்த்தது இது.

சோதிக்க, ஆங்கிலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழ் வாக்கியங்களைக் கொடுத்து 'கட்டாயம், செய்தாக வேண்டும், நல்லது, விருப்பம்' என நான்கு குவியலாகப் பிரிக்கச் சொல்கிறேன். மூலத்தில் இருந்த குவியலுக்கு வராத வாக்கியத்தைத் திருத்துகிறேன். பெரும்பாலும் 'நல்லது' வரும் வாக்கியங்கள்தான் கீழே இறங்குகின்றன. 'நல்லது' பணிவாகப் படுகிறது, அதற்கு இன்னும் மாற்று கிடைக்கவில்லை.

ஒரு குறை தீரவில்லை. இடம் போதவில்லை என்று பக்கம் வடிவமைப்பவர் முதலில் வெட்டுவது அந்தத் தனி வரியைத்தான். அதனால் அச்சுக்குப் போகும் முன் கடைசிப் படியை நானே கேட்டு வாங்கிப் பார்க்கிறேன்.